எண்ணெய் விற்ற பெயரில் பொடி விற்கலாமா, சோப்பு விற்கலாமா? சிறு பிராண்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோடு பக்கம் மரச்செக்கு நல்லெண்ணெய் ஆட்டி, எங்கள் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறோம். எண்ணெய் நன்றாகப் போக ஆரம்பித்ததும் அதே பெயரில் இட்லிப் பொடி போட்டோம். அது நிலைத்துவிட்டது, இன்றும் போகிறது. அந்தத் தைரியத்தில் அடுத்த வருடம் நல்லெண்ணெய் சோப்பு போட்டோம். பதினான்கு மாதம் இழுத்து, பணமும் கொஞ்சம் பேரும் போன பிறகு நிறுத்தினோம். ஐந்தாவது மாதமே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டிய அறிகுறி எல்லாம் அப்போதே கண் முன்னால் இருந்தது.

கையில் ஒரு பொருள் ஓடுகிறது, அதே பெயரில் இன்னொன்றைப் போடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கு எங்களுடையது. உங்கள் எண் வேறாக இருக்கும், போடும் முறை இதேதான்.

1. "போட்டால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள்

நாங்கள் சோப்புக்கு முன் நாற்பது வாடிக்கையாளர்களிடம் இப்படித்தான் கேட்டோம். முப்பத்தைந்து பேர் "கண்டிப்பா வாங்குவோம்" என்றார்கள். வருடக்கணக்காக எண்ணெய் கொடுப்பவர் கேட்டால் முகத்துக்கு நேராக யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கேட்க வேண்டியது இதுதான்: "எங்கள் எண்ணெயைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? எதற்கு ஊற்றினீர்கள்? அப்போது கூட என்ன வைத்திருந்தீர்கள்?" இருபத்தைந்து பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். அதற்கு மேல் போனால் அதே பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

பொடிக்கு முன்னால் தற்செயலாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருந்தோம். பாதிப் பேருக்கு மேல் "இட்லிப் பொடிக்கு" என்றார்கள். கடையில் வாங்கும் பொடியில் உப்பும் மிளகாயும்தான் தூக்கலாக இருக்கிறது, எள் வாசமே இல்லை என்று மூன்று பேர் தாங்களாகவே குறைப்பட்டார்கள். எங்கள் பெயருக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. எள்ளைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் என்று எங்களை நம்பினார்கள். எங்கள் பொடியும் எள்ளுப் பொடிதான்.

சோப்புக்குப் போகும்போது நாங்கள் பிடித்துக்கொண்டது வேறொரு பதிலை. பத்துப் பேர்போல "எண்ணெய்க் குளியலுக்கு" என்று சொல்லியிருந்தார்கள். குளியலா, அப்படியானால் சோப்பு என்று தாவிவிட்டோம். கூட என்ன வைத்திருந்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: சீயக்காய், இல்லாவிட்டால் அரப்பு. எண்ணெய் தேய்த்தவருக்கு அடுத்து வேண்டியது எண்ணெயை எடுக்கிற பொருள். "நல்லெண்ணெய் சோப்பு" என்று பெயரைப் பார்த்ததும் பலருக்குப் பிசுபிசுப்புதான் நினைவுக்கு வந்தது. கடையில் ஓர் அம்மா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுட்டு அப்புறம் எதைப் போட்டுக் கழுவறது?" என்று கேட்டார். விற்பனை தொடங்கி இரண்டாவது வாரம் அது.

பெரிய பிராண்டுகளும் இங்கே தடுக்கியிருக்கின்றன. டெட்டால் இந்தியாவில் சோப்பு கொண்டு வந்தபோது, முதலில் மென்மையும் அன்பும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். எடுபடவில்லை. காயத்துக்குப் போடும் மருந்து என்று வீட்டில் பதிந்த பெயர் அது. கிருமியைப் போக்கும் முழுச் சுத்தமான குளியல் என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் ஓடியது. சோப்பு அதேதான். பழைய பெயர் ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருந்ததோ, அதையே புதுப் பொருளும் சொல்ல ஆரம்பித்ததும் நிலைத்தது.

இருபத்தைந்து பதிலில் உங்கள் புதுப் பொருள் யார் வாயிலும் வரவில்லையா? அதையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு பெயரில் போடுங்கள். பழைய பெயரை அதன்மேல் ஒட்டுவதால் கிடைக்கும் லாபம் குறைவு, போனால் போவது பழைய பெயர்.

2. அந்த வகுப்பில் பெயர் உங்களுடையதா என்று பாருங்கள்

வர்த்தகக் குறிப் பதிவு பொருள் வகுப்பு வாரியாகத்தான் கிடைக்கும். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. மசாலா, இட்லிப் பொடி 30. சோப்பு, தலைமுடி எண்ணெய், அழகுப் பொருட்கள் 3. எண்ணெய்க்கு வாங்கிய பதிவு பொடிக்குத் தானாக வராது.

முதலில் ipindia.gov.in தளத்தில் உள்ள பொதுத் தேடலில் புது வகுப்பு எண்ணைக் கொடுத்து உங்கள் பெயரைத் தேடுங்கள். எழுத்துக்கு எழுத்து அதே பெயரோடு நிற்காமல், ஒலியில் ஒத்தவற்றையும் தேடுங்கள். இதற்குச் செலவு கிடையாது. வேறொருவர் அங்கே ஏற்கெனவே இருந்தால், பாக்கெட் அச்சடித்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

விண்ணப்பம் TM-A படிவத்தில். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. சிறு தொழில் என்று குறைந்த கட்டணம் கட்ட வேண்டுமானால் உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் தனி. விண்ணப்ப எண் உடனே வந்துவிடும். ஆய்வு முடிந்து, வர்த்தகக் குறி இதழில் வெளியாகி, எதிர்ப்புக்கான நான்கு மாதம் கழிந்துதான் சான்றிதழ். வருடம் தாண்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எண்ணெய் பாக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் R போட்டிருப்பார்கள். டிசைன் செய்பவர் அந்த லோகோவை அப்படியே எடுத்துப் பொடி பாக்கெட்டில் வைத்துவிடுவார். அந்த வகுப்பில் பதிவு கிடைக்காமல் R போடுவது சட்டப்படி குற்றம். பதிவு வரும்வரை TM மட்டும் போடுங்கள். எங்கள் முதல் பொடி ஸ்டிக்கரை இதற்காகவே திரும்ப அடித்தோம்.

3. உரிமம் உங்களை எந்த ஆபீஸுக்கு அனுப்புகிறது?

இதை வெறும் காகித வேலையாகப் பார்க்க வேண்டாம். புதுப் பொருள் உங்கள் பழைய தொழிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து காட்டும் கோல் இது.

பொடிக்கு எங்களிடம் இருந்த உணவு உரிமத்திலேயே பொருள் வகையைச் சேர்க்க foscos.fssai.gov.in தளத்தில் மாற்ற விண்ணப்பம் போட்டோம். இயந்திரப் பட்டியல், ஆலை வரைபடம், பொருள் விவரம், இவ்வளவுதான் புதிதாகக் கேட்டார்கள். லேபிள் விதிகளில் பெரும்பாலானவை எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ஆய்வகத்துக்கு அனுப்பினோம், வறுத்த எள் எத்தனை நாளில் சிக்கு வாடை அடிக்கிறது என்று நாங்களும் மாதாமாதம் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தோம். எதைத் தேட வேண்டும் என்று எங்கள் மூக்குக்குத் தெரியும்.

சோப்பு அப்படி இல்லை. அது அழகுப் பொருள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வருகிறது. தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்து விற்க முடியாது. நாங்கள் உரிமம் உள்ள ஒரு சோப்புத் தயாரிப்பாளரிடம் செய்து வாங்கினோம். தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் அவருடையது, விற்பவர் பெயர் எங்களுடையது.

அதோடு பொருளைச் சோதிக்கும் திறமையும் எங்கள் கையை விட்டுப் போனது. சூடு காட்டாமல் செய்யும் சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும். நல்லெண்ணெய் அதிகம் சேர்ந்தால் கட்டி மென்மையாக இருக்கும், சீக்கிரம் ஆக்சிஜன் ஏறி ஆரஞ்சு நிறப் புள்ளி விழும். இது எங்களுக்கு அப்போது தெரியாது. நான்காவது மாதம் கடைக்காரர் ஒருவர் உறையைப் பிரித்துக் காட்டினார். வெள்ளைக் கட்டியில் துரு பிடித்த மாதிரி ஏழெட்டுப் புள்ளி, மூக்கருகே கொண்டு போனால் பழைய எண்ணெய் வாடை. பார்த்தவுடன் காரணம் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று உங்கள் ஆட்களால் சொல்ல முடியாத பொருளை உங்கள் பெயரில் விடாதீர்கள்.

4. எத்தனை ரிட்டர்ன் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்

லாபக் கணக்கை எல்லோரும் போடுவார்கள். ரிட்டர்ன் கணக்கை யாரும் போடுவதில்லை. மளிகைக் கடையில் புதுப் பொருள் பெரும்பாலும் "போகலைன்னா திருப்பி எடுத்துக்கணும்" என்ற பேச்சில்தான் ஏறும்.

எங்கள் சோப்பு எம்.ஆர்.பி. 90 ரூபாய். கடைக்காரருக்கு 20 சதவீதம் போக 72. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அதில் 8 சதவீதம் போக ஏறக்குறைய 66. அப்போது சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைக் கழித்தால் கையில் 56. செலவு: கட்டி 36, உறையும் பெட்டியும் 5, வண்டி 3, மொத்தம் 44. ஒரு கட்டிக்கு 12 ரூபாய் மிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது திருப்பிப் பாருங்கள். விற்கிற கட்டி 12 ரூபாய் தருகிறது, திரும்பி வருகிற கட்டி 44 ரூபாயை விழுங்குகிறது. 12-ஐ, 12-உம் 44-உம் சேர்ந்த 56-ஆல் வகுத்தால் 0.21. அதாவது நூற்றுக்கு 21 கட்டி திரும்பினாலே லாபம் பூஜ்யம். எங்கள் முதல் 2,000 கட்டியில் 700 திரும்பின. 1,300 விற்று வந்தது 15,600 ரூபாய், 700-இல் போனது 30,800. சாம்பிள் கொடுத்தது, நோட்டீஸ் அடித்தது எல்லாம் இதற்கு மேல்.

சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகிவிட்டது, அதனால் எண்களை இன்றைய வரியில் போட்டுப் பாருங்கள். வகுக்கும் முறை மாறாது. வரும் எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். ஆறாவது படியில் அது தேவைப்படும்.

5. எட்டுக் கடை, ஆறு வாரம்

சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டியது இரண்டாவது ஆர்டரை மட்டும்தான். முதல் ஆர்டர் உங்கள் பழைய பெயருக்கும் கடைக்காரரோடு உள்ள பழக்கத்துக்கும் கிடைப்பது. எண்ணெய் கொடுப்பவர் பொடி கொடுத்தால் ஒரு பெட்டி இறக்கிக்கொள்வார். அதை விற்பனை என்று எண்ணி மகிழ்ந்தால் ஏமாந்தோம்.

பொடிக்கு எட்டுக் கடையில் கடைக்கு ஐம்பது பாக்கெட், மொத்தம் 400 கொடுத்தோம். ஆறு வாரத்தில் ஆறு கடைகள் தாங்களாகக் கூப்பிட்டு மறுபடி கேட்டன. வாட்ஸ்அப்பில் நேரடியாக வாங்கிய 110 பேரில் 47 பேர் இரண்டு மாதத்துக்குள் திரும்ப வாங்கினார்கள். அந்த எட்டுக் கடையில் எண்ணெய் என்ன ஆகிறது என்றும் பில் புத்தகத்தில் பார்த்தோம். அரை லிட்டர் பாக்கெட் கொஞ்சம் கூடியிருந்தது. பொடி தீரும் வீட்டில் எண்ணெயும் தீருகிறது.

சோப்புக்கு இந்தச் சோதனையைச் செய்யவில்லை. பொடி ஓடியதே போதும் என்று நேராக அறுபது கடைக்கு இறக்கினோம். மூன்றாவது மாத முடிவில் அறுபதில் ஒன்பது கடைதான் இரண்டாவது ஆர்டர் கொடுத்திருந்தது.

சோதனை ஓட்டத்தில் வண்ணப் பாக்கெட் அச்சடிக்க வேண்டாம். அச்சுக்கு ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு சிலிண்டர், அதற்கு மேல் குறைந்தபட்சம் இத்தனை கிலோ ரோல் எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். அந்த ரோல் கிடங்கில் கிடக்கும்போது, "இதைத் தீர்க்கவாவது இன்னும் ஒரு லாட் போடலாம்" என்று தோன்றும். எங்களுக்குத் தோன்றியது. இரண்டாவது லாட் சோப்பு போட்டதற்கு உண்மையான காரணம் மீந்திருந்த அச்சு உறைதான். வெற்றுப் பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் கூடுதலாகும், பரவாயில்லை. விதிப்படியான விவரங்கள் எல்லாம் ஸ்டிக்கரிலும் இருக்க வேண்டும்: விலை, எடை, தேதி, லாட் எண், முகவரி, புகார் எண் போன்றவை.

6. நிறுத்தும் நிபந்தனையை முதல் சரக்கு கிளம்பும் முன் எழுதுங்கள்

சரக்கு வெளியே போன பிறகு எழுதினால் எண்களை நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்வோம். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது நானும் தம்பியும் அம்மாவும் போடுகிறோம்.

எங்கள் தாளில் மூன்றுதான் உண்டு. ஒன்று, மூன்றாவது மாத முடிவில் பாதிக் கடையாவது இரண்டாவது ஆர்டர் தந்திருக்க வேண்டும். இரண்டு, ரிட்டர்ன் நான்காவது படியில் வந்த எண்ணைத் தொடக்கூடாது. மூன்று, பழைய பொருளைப் பற்றிப் புதுப் பொருளால் ஒரு புகார்கூட வரக்கூடாது.

முதல் இரண்டும் பணம். மூன்றாவது வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சரக்கை நிறுத்துங்கள். எங்களுக்கு அது ஐந்தாவது மாதம் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கிடங்கில் சோப்பையும் பொடியையும் ஒரே அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே ஆர்டர், சேர்த்து வைத்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாக்கெட்டுக்குள் சோப்பு வாசம் இறங்கிவிட்டது. பொடி பிரித்தவர்கள் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எண்ணெய்க்கும் வர ஆரம்பித்தது. எங்கள் புகார் நோட்டில் எண்ணெயைப் பற்றி மாதம் இரண்டு மூன்று இருக்கும். அந்த மாதம் பதினொன்று, அதில் ஏழு "வாசம் சரியில்லை". ஏழு பேர் வீட்டிலிருந்தும் எண்ணெயைத் திருப்பி வாங்கி முகர்ந்து பார்த்தோம், எண்ணெய் நன்றாகவே இருந்தது. சோப்பும் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மூக்கு அதைத் தேட ஆரம்பித்துவிட்டது. ஆய்வக அறிக்கை காட்டி அதைச் சரி செய்ய முடியாது.

அன்றைக்கு நிறுத்தாமல் தனிப் பெட்டி, தனி வண்டி என்று இன்னும் ஒன்பது மாதம் செலவழித்தோம்.

"கொஞ்சம் விளம்பரம் செய்தால் ஏறும்" என்று யாராவது சொன்னால், இரண்டாவது ஆர்டர் தந்த கடைகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே திரும்ப வாங்கும் வாடிக்கையாளர்கள் இருந்து, மற்ற கடைகளில் பொருளே தெரியவில்லை என்றால் விளம்பரம் உதவும். வாங்கியவர்களே திரும்பவில்லை என்றால் விளம்பரத்தால் கூடுவது ரிட்டர்ன்தான்.

7. நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு

முதலில் தயாரிப்பாளருக்கு எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் பிறகு கடைகள். வரிசை மாறி, கடைக்காரருக்கு முதலில் தெரிந்தால் அவர் அந்த வாரமே எல்லாவற்றையும் திருப்பித் தள்ளுவார், எண்ணெய் பில்லிலும் பிடித்துக்கொள்வார்.

கடைகளிடம் "இந்தத் தேதிக்குள் மிச்சத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முழுப் பணமும் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்களுக்கு அறுபது கடையும் முடிய ஐந்து வாரம் ஆனது. பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்று டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி விழுந்த கட்டி ஒன்று எங்கள் பெயரோடு இன்னும் ஒரு வருடம் யார் வீட்டுக் குளியலறையிலோ இருக்கும்.

திரும்பிய சரக்குக்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் போடுங்கள். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டினால்தான் வரி குறையும். ஆண்டுக் கணக்கு அதற்கு முன்பே தாக்கல் ஆகிவிட்டால், தாக்கல் செய்த தேதியே கடைசி. அழித்த சரக்குக்கு, வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். இது பலருக்கு ஆடிட்டர் சொல்லித்தான் தெரிகிறது, அதனால் அழிக்கும் முன்பே எண்ணிக்கை, தேதி, படம் எல்லாம் எடுத்து வையுங்கள்.

3-ஆம் வகுப்புப் பதிவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பதிவு பத்து வருடத்துக்கு, நடுவில் கட்டணம் ஒன்றும் இல்லை. ஆனால் தொடர்ந்து ஐந்து வருடம் பயன்படுத்தாமல் விட்டால், வேறொருவர் விண்ணப்பித்து அதை நீக்க வழி உண்டு. எங்களுடையது அப்படியே இருக்கிறது. அதில் இனி நாங்கள் எதுவும் போடப்போவதில்லை. இப்போது கேட்கும் கேள்விக்கு அதிகம் வரும் பதில் "ஊறுகாய்க்கு ஊற்றினேன்" என்பது. ஊறுகாய் எண்ணெயோடு 29-ஆம் வகுப்பிலேயே வருகிறது, உணவு உரிமத்திலேயே சேர்க்கலாம். போன மாதம் எங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதில் பொருள் விவரமாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "சமையல் எண்ணெய்" என்று மட்டும் இருந்தது. வகுப்பு ஒன்றாக இருந்தாலும் எழுதாத பொருளுக்குப் பதிவு நீளாது, ஊறுகாய்க்குப் புது விண்ணப்பம் போட வேண்டும். நீங்களும் உங்கள் சான்றிதழில் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.